வீட்டில் கல்யாணம்: குடியிருப்பவர்கள் கவனத்துக்கு

நம் கட்டடத்தில் குடியிருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

வரும் சனிக்கிழமை காலை என் மகளுக்குக் கல்யாணம். மண்டபம் எடுக்காமல் வீட்டிலேயே வைத்திருக்கிறோம். பத்திரிகையோடு நானும் என் மனைவியும் ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் வருவோம், இந்தக் கடிதம் அதற்காக இல்லை. புதன் இரவிலிருந்து ஞாயிறு மதியம் வரை உங்களுக்கு என்னென்ன தொந்தரவு வரும், அதில் எதைச் சமாளிக்க ஏற்பாடு செய்திருக்கிறேன், எதற்கு உங்கள் ஒத்துழைப்பு வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடத்தான் எழுதுகிறேன்.

முதலில் வண்டி. இதில்தான் சண்டை வரும் என்று தெரியும். பந்தல்காரர்கள் புதன் இரவு 8 மணிக்குக் கம்பு, தகரம் எல்லாவற்றையும் கொண்டுவந்து இறக்குகிறார்கள். அதற்கு முன்னால் முன்வாசலில் நிற்கும் கார்கள் எல்லாம் வெளியே போயிருக்க வேண்டும். பந்தல் போட்ட பிறகு உள்ளே மாட்டிக்கொண்ட காரை எடுக்க முடியாது. எதிரில் உள்ள காலி மனையில் உங்கள் கார்களை நிறுத்திக்கொள்ள அதன் உரிமையாளரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். விளக்கு போட்டு, இரவுக்கு ஒரு காவலாளியையும் அமர்த்தியிருக்கிறேன். அந்த மனை உங்களுக்கு மட்டும்தான். எங்கள் விருந்தாளிகளின் வண்டிகள் தெருமுனை மைதானத்துக்குப் போகும்.

பைக், ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் பின்பக்கச் சந்தில் சுவரோரமாக ஒற்றை வரிசையில் நிறுத்துங்கள். மீட்டர் பெட்டிக்கு முன்னால் மட்டும் வேண்டாம். ஃபியூஸ் போனால் எலக்ட்ரீஷியன் வண்டிகளை நகர்த்திக்கொண்டிருக்க முடியாது. முதல் மாடியிலிருந்து விடியற்காலை நாலரைக்கு வேலைக்குக் கிளம்பும் தம்பி, மனையில் வாசலுக்குப் பக்கத்திலேயே காரை விடவும். அந்த இடத்தில் வேறு யாரும் விடாமல் காவலாளி பார்த்துக்கொள்வார். எல்லோரும் ஒரு தாளில் உங்கள் போன் நம்பரை எழுதி முன்கண்ணாடியில் வைத்துவிடுங்கள். யாருடைய வண்டி என்று கேட்டு நடு ராத்திரியில் கதவு கதவாகத் தட்ட வேண்டியிருக்காது.

கேட்டிலிருந்து மாடிப்படி வரை ஒரு வண்டி போகும் அகலத்துக்கு வழி எப்போதும் காலியாக இருக்கும். பின்வீட்டுப் பெரியவருக்கு அவசரம் என்றால் ஆம்புலன்ஸ் வாசல் வரை வர வேண்டும். அங்கே நாற்காலி போட்டு உட்காருபவர் என் சொந்தச் சம்பந்தியே ஆனாலும் எழுப்பிவிடுங்கள்.

அடுத்தது வந்துபோகிறவர்கள். எங்கள் உறவினர்கள் பலர் இரண்டாம் மாடியில் காலியாக இருக்கும் வீட்டிலும் மொட்டை மாடி ஹாலிலும் தங்குகிறார்கள். அவர்களில் பாதிப்பேர் இந்த வீட்டுக்கு முதல் தடவையாக வருபவர்கள். கதவு தெரியாமல் உங்கள் வீட்டைத் தட்டுவார்கள். சிலர் பாத்ரூம் கேட்பார்கள், சிலர் போன் சார்ஜ் போட வேண்டும் என்பார்கள். முகம் பார்த்து நீங்கள் சங்கடப்பட வேண்டாம். "கீழே போய்க் கேளுங்கள்" என்று சொன்னால் போதும், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். கேட் பகல் முழுக்கத் திறந்தே இருக்கும் என்பதால், பக்கத்துக் கடை வரைதான் போகிறீர்கள் என்றாலும் வீட்டைப் பூட்டிக்கொண்டு போங்கள். செருப்பையும் சைக்கிளையும் உள்ளே எடுத்து வையுங்கள். கல்யாணக் கூட்டத்தில் யார் யாருடைய ஆள் என்று எங்களுக்கே தெரியாது.

உங்கள் வீட்டுக்கு யார் வரலாம், யார் வரக்கூடாது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. வெள்ளி, சனி இரண்டு நாளும் தங்குவதற்கு யாரையாவது அழைத்திருந்தால் முடிந்தவரை தள்ளிப்போடச் சொல்லுங்கள், அவ்வளவுதான். வந்தே ஆக வேண்டும் என்றால் சரி, பெயரை முன்னாலேயே சொல்லிவிடுங்கள். இரவு 11 மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவோம். அங்கே நிற்பவருக்கு விவரம் தெரிந்தால் உடனே உள்ளே விடுவார். அவர்களுக்குக் கார் இருந்தால் அதற்கு மட்டும் இங்கே இடம் இல்லை.

சத்தத்தைப் பற்றி மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்குப் பாட்டுக் கச்சேரி. ஸ்பீக்கர்கள் கட்டடத்தைப் பார்க்காமல் தெருவைப் பார்த்து இருக்கும். 10 மணிக்கு நிறுத்திவிட வேண்டும் என்று சவுண்ட் சர்வீஸ்காரரிடம் கறாராகச் சொல்லியிருக்கிறேன். "இன்னும் ஒரே ஒரு பாட்டு" என்று யாராவது ஆரம்பித்தால் அதற்கும் நான் விடப்போவதில்லை. சனிக்கிழமை காலை 7 மணிக்கு வாத்தியம் தொடங்கி 9 மணிக்குள் முடியும். ஆனால் சமையல்காரர்கள் விடியற்காலை 3 மணிக்கே அடுப்பு பற்றவைத்துவிடுவார்கள். அண்டாவும் கரண்டியும் மோதும் சத்தத்தை நிறுத்த எனக்கு வழி தெரியவில்லை. பின்பக்கம் படுப்பவர்கள் அந்த ஓர் இரவு முன்னறையில் படுத்துக்கொண்டால் நல்லது.

ஜெனரேட்டரும் அந்தப் பின்பக்க மூலையில்தான், திறந்த வெளியில் வைக்கிறோம். அதன் புகை வீட்டுக்குள் வந்தால் ஆபத்து. அது ஓடும் நேரத்தில் பின்பக்க ஜன்னல்களைத் திறக்காதீர்கள். பந்தல் விளக்குக்கும் ஸ்பீக்கருக்கும் மின்சாரம் அதிலிருந்துதான், உங்கள் மீட்டரிலிருந்து ஒரு வயர்கூட இழுக்கக்கூடாது. யாராவது உங்கள் வராந்தா பிளக்கில் எதையாவது செருகியிருந்தால் பிடுங்கிப் போட்டுவிட்டு எனக்குச் சொல்லுங்கள்.

மாடியில் பரீட்சைக்குப் படிக்கும் பெண்ணைப் பற்றி யோசித்தேன். அடுத்த தெருவில் என் தம்பி வீட்டில் ஓர் அறை சும்மா இருக்கிறது. மேஜை, ஃபேன் எல்லாம் உண்டு. தம்பி மனைவி வீட்டில்தான் இருப்பார். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அங்கே போய்ப் படிக்கலாம். கைக்குழந்தை உள்ள வீட்டுக்காரர்களும் வெள்ளி மாலை அங்கே போய் இருக்கலாம். கூச்சப்படாமல் கேளுங்கள்.

உங்கள் பக்கமும் ஒன்று கேட்கிறேன். முதல் மாடியில் அலமாரிக்கு நடக்கும் டிரில் வேலையைப் புதன்கிழமைக்குள் முடியுங்கள், இல்லையென்றால் திங்கட்கிழமை தொடருங்கள். அலமாரி அடிக்க நான் கொடுத்த அனுமதி அப்படியே இருக்கிறது, சந்தேகம் வேண்டாம்.

அப்புறம் தண்ணீர். லாரித் தண்ணீருக்குச் சொல்லியிருக்கிறேன். இருந்தாலும் வெள்ளிக்கிழமை காலையிலேயே ஒரு டிரம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், தொட்டி ஒன்றுதான். வாஷிங் மெஷின் ஞாயிறு மதியத்துக்கு மேல் போடலாம். வியாழன் முதல் மொட்டை மாடியில் துணி காயப்போட இடம் இருக்காது.

பந்தல் பிரித்த பிறகு சந்து, படிக்கட்டு, மொட்டை மாடி எல்லாவற்றையும் எங்கள் ஆட்களே கழுவிவிடுவார்கள். உங்கள் வண்டியில் கீறல் விழுந்தாலும், செடித்தொட்டி உடைந்தாலும் அன்றைக்கே ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிவிடுங்கள். சரி செய்து கொடுப்பது என் பொறுப்பு.

வெள்ளி மாலையும் சனிக்கிழமையும் என் போன் யார் கையில் இருக்கும் என்று எனக்கே தெரியாது. அந்த நேரத்தில் எதுவாக இருந்தாலும் என் தம்பியைக் கூப்பிடுங்கள். அவர் கேட்டிலேயே இருப்பார், நம்பரை நம் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறேன். புதன் இரவு ஊரில் இல்லாதவர்கள் கார் சாவியைச் செவ்வாய்க்கிழமைக்குள் என்னிடம் கொடுத்துவிட்டால் நானே மனையில் கொண்டுபோய் விட்டுவிடுகிறேன்.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர்
தரைத்தளம்