இளையோர் தங்கும் முகாம் 2026: பதிவுப் படிவமும் பெற்றோர் ஒப்புதலும்

இடம்: பங்கு வளாகம், கடலூர் முதுநகர்
நாள்: மே 8 வெள்ளி மாலை 4 மணி முதல் மே 10 ஞாயிறு பகல் 2 மணி வரை
வயது: 13 முதல் 17 வரை
கட்டணம்: 600 ரூபாய். கட்ட இயலாதவர்கள் பங்குத்தந்தையிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.
கடைசி நாள்: ஏப்ரல் 26 ஞாயிறு. பெற்றோரில் ஒருவர் பங்கு அலுவலகத்துக்கு வந்து கையெழுத்திட வேண்டும். பிள்ளையிடம் கொடுத்தனுப்பினால் கையெழுத்து யாருடையது என்று தெரிவதில்லை.

1. பிள்ளையின் விவரம்
பெயர், பிறந்த தேதி (ஆதாரில் உள்ளபடி). வகுப்பு, அன்பியம். வேறு பங்கு அல்லது வேறு சமயம் என்றால் அதையும் எழுதவும். திருப்பலியிலும் செபத்திலும் கலந்துகொள்ள யாரையும் வற்புறுத்த மாட்டோம்.
இரவிலும் எடுக்கும் இரண்டு கைபேசி எண்கள், வெவ்வேறு ஆட்களுடையவை.
முகாம் முடிந்ததும் அழைத்துப்போக வருபவர் பெயரும் உறவும். இதில் இல்லாதவருடன், சொந்த மாமாவே ஆனாலும், உங்களிடம் போனில் கேட்காமல் அனுப்ப மாட்டோம்.

2. உடல்நிலை (ஆம் / இல்லை, ஆம் என்றால் விளக்கவும்)
வீசிங், வலிப்பு, சர்க்கரை, இதய நோய் உண்டா?
கடலை, இறால், முட்டை, ஏதேனும் மாத்திரை ஒத்துக்கொள்ளாதா?
தூக்கத்தில் நடப்பது, படுக்கை நனைப்பது உண்டா? வெட்கப்பட வேண்டாம், பொறுப்பாளர் ஒருவருக்கு மட்டும் தெரியும். மறைத்தால் இரவில் சங்கடப்படுவது பிள்ளைதான்.
கடந்த 21 நாட்களில் வீட்டில் யாருக்காவது அம்மை போட்டதா? அப்படியென்றால் முதலில் எங்களை அழைக்கவும்.
மாத்திரைகளை டப்பாவில் கொட்டித் தராமல், அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் தரவும். இன்ஹேலர் மட்டும் பிள்ளையின் பையிலேயே இருக்கட்டும்.

3. பெற்றோர் ஒப்புதல்
மேலே எழுதியவை உண்மை. என் பிள்ளை இம்முகாமில் இரண்டு இரவுகள் தங்கச் சம்மதிக்கிறேன். ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கட்டடம். பெண்கள் பகுதியில் அருட்சகோதரியும் பெண் பொறுப்பாளர்களும் மட்டுமே இருப்பர் என்பதை அறிவேன்.

சனிக்கிழமை மாலை சில்வர் பீச் கடற்கரைக்கு வேனில் போய்வரச் சம்மதம். யாரும் கடலில் இறங்கக்கூடாது. நீச்சல் தெரிந்தவருக்கும் இதே விதி.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் தரலாம் (ஆம் / இல்லை). அவசரம் என்றால் 108 மூலம் கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம். என்னைப் போனில் அழைத்துக்கொண்டே சிகிச்சையைத் தொடங்கலாம், எனக்காகக் காத்திருக்க வேண்டாம். அறுவைச் சிகிச்சைக்கு என்னிடம் கேட்கவும். இக்கையெழுத்து, பொறுப்பாளர்களின் கவனக்குறைவை மன்னிக்கும் கையெழுத்து அல்ல.

படங்களைப் பங்குச் செய்திமடலில் வெளியிடலாம் (ஆம் / இல்லை). சமூக வலைத்தளத்தில் வெளியிடலாம் (ஆம் / இல்லை). இரண்டுக்கும் "இல்லை" என்றாலும் பதிவு செல்லும்.

பிள்ளையிடம் யாராவது தவறாக நடந்தால் போக்சோ சட்டம் 2012-இன்படி காவல்துறைக்குத் தெரிவிக்கப்படும். பங்குக்குள் பேசி முடிக்கப்படாது. குழந்தைகள் உதவி எண் 1098-ஐப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

தாய் / தந்தை / பாதுகாவலர் கையெழுத்து, தேதி
பிள்ளையின் கையெழுத்து: "எனக்கும் வர விருப்பம்"