நைட் ஆடிட் ரிப்போர்ட்: நவம்பர் 15 சனி இரவு முதல் 16 ஞாயிறு காலை வரை

கொடைக்கானல், முன் அலுவலகம்
எழுதிய நேரம்: காலை 6.10
காலை டியூட்டி மேனேஜர் மேடம் கவனத்துக்கு

மேடம், ராத்திரி முழுக்க மழை. கரண்ட் போனது, ஒரு விருந்தினர் விழுந்துவிட்டார், விடியும் நேரத்தில் ரோட்டில் மரமும் சாய்ந்தது. நீங்கள் 7 மணிக்கு வந்ததும் செய்ய வேண்டியவற்றை முதலில் எழுதியிருக்கிறேன். நேரம் இல்லாவிட்டால் இந்த நான்கை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

உடனே பார்க்க வேண்டியவை

208: பாட்டி பாத்ரூமில் விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வந்து தூங்குகிறார். அவர்கள் 8.30க்கு டிபன் சாப்பிட வருவார்கள். அவர்களாக ரிசப்ஷனுக்கு வரும் முன் நீங்கள் போய்ப் பார்ப்பது நல்லது.

வத்தலகுண்டு ரோடு: பெருமாள்மலைக்குக் கீழே மரம் விழுந்து அடைத்திருக்கிறது. 5.55 நிலவரப்படி பைக் மட்டும் போகிறது. இன்று செக் அவுட் 14 ரூம்.

காட்டேஜ் 2: 11 மணிக்குக் கிளம்புகிறார்கள். பில்லில் 1,500 ரூபாய் தகராறு. நீக்க உங்கள் கையெழுத்து வேண்டும்.

ஜெனரேட்டர்: டீசல் கால் டேங்க்தான் இருக்கிறது, ஆட்டோவில் ஸ்டார்ட்டும் ஆகவில்லை. இன்று மாலைக்குள் இரண்டையும் சரிசெய்யாவிட்டால் இன்னொரு ராத்திரி தாங்காது.

நடந்தவை

208. இரவு 11.42க்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் தானாக ஓடவில்லை. ஆபரேட்டர் கீழே இறங்கிப் போய்க் கையால் ஸ்டார்ட் செய்ததும் 11.46க்கு வெளிச்சம் வந்தது. இந்த நான்கு நிமிடத்துக்குள்தான் பாட்டி விழுந்திருக்கிறார். 11.50க்கு அவருடைய மகன் போன் செய்தார். நானும் ரூம் பாயும் போனபோது பாட்டி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது, நெற்றியில் சின்னச் சிராய்ப்பு. சுயநினைவோடு தெளிவாகப் பேசினார். "இருட்டுல கால் வெச்சேன், ஈரத்துல வழுக்கிடுச்சு" என்று சொன்னார். விழுந்ததை நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

ஐஸ் வைத்து, கையை அசைக்காமல் துணியால் கட்டிவிட்டோம். மகன் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றதும் 12.15க்கு நம் ஜீப்பில் அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன், ரூம் பாயும் கூடப் போனார். 2.40க்குத் திரும்பினார்கள். எலும்பு முறிவு இல்லை, சுளுக்குதான் என்று டாக்டர் சொன்னதாக மகன் சொன்னார். எக்ஸ்ரேயையோ சீட்டையோ நான் பார்க்கவில்லை. 5.30க்கு ரூம் பாய் கதவருகே மகனிடம் விசாரித்தார், பாட்டி தூங்குகிறார் என்றார்.

இதில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. மகன் கோபமாக இல்லை. ஆனால் "பாத்ரூமில் ஒரு எமர்ஜென்சி லைட் கூட இல்லையே" என்று இரண்டு முறை சொன்னார். அவர் சொல்வது சரிதான். அந்த மாடியில் வராந்தாவில் மட்டும்தான் எமர்ஜென்சி லைட் இருக்கிறது. மிதியடியும் நான் போனபோது கதவுக்குப் பின்னால் மடித்துத்தான் கிடந்தது. பில்லில் குறைப்பதாகவோ செலவை ஏற்பதாகவோ நான் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. "காலையில் மேனேஜர் மேடம் வந்து பேசுவார்கள்" என்று மட்டும் சொன்னேன். மருந்துக்கு வெளிக்கடையில் 340 ரூபாய் கொடுத்திருக்கிறார்கள். அதையும் ஜீப் வாடகையையும் நாமே ஏற்றுக்கொள்வதுதான் முறை என்பது என் அபிப்பிராயம். ஜீப் வாடகையை அவர்கள் பில்லில் ஏற்றவில்லை. வயதானவர், ஊர் விட்டு ஊர் வந்து அடிபட்டிருக்கிறார். யாராவது உட்கார்ந்து பத்து நிமிடம் பேசினால் போதும்.

விபத்துப் பதிவேட்டில் எழுதி, ரூம் பாயிடமும் ஆபரேட்டரிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். அந்த மாடி வராந்தா கேமராப் பதிவில் 11.30 முதல் 12.30 வரை தனியாக எடுத்து வைக்க ஐடி தம்பியிடம் சொல்ல வேண்டும். எனக்கு அந்தப் பாஸ்வேர்டு கிடையாது.

301. இவர்களுக்கு மதுரையில் 12.40க்கு விமானம். 7.30க்குக் கிளம்புவதாக இருந்தார்கள். மரம் விழுந்த செய்தியை 4.50க்குப் பால் வண்டிக்காரர் சொன்னார். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் செய்து உறுதிப்படுத்திக்கொண்டு 5 மணிக்கு 301ஐ எழுப்பினேன். பெருமாள்மலையில் பிரிந்து பழனி வழியாகப் போனால் வெகு சுற்று. ஆனால் ரோடு திறக்கும் என்று நம்பி உட்கார்ந்திருந்தால் விமானம் போய்விடும். 5.25க்குக் கிளம்பிவிட்டார்கள். டிபனுக்குப் பதில் பிரெட்டும் வாழைப்பழமும் கட்டிக் கொடுத்தோம். பில் பாக்கி பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன்.

மற்றவர்களுக்கு: 8 மணிக்குக் கார் விடலாம் என்று அங்கே நிற்கும் ஒரு டிரைவர் சொல்கிறார். அது அவருடைய கணிப்பு மட்டுமே. அதை நம்பி விருந்தினரிடம் நேரம் சொல்லிவிட வேண்டாம், போலீஸில் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

கார் பார்க்கிங். 2.10க்கு இரண்டு காட்டெருமைகள் வந்து நின்றன. 104இல் இருந்து இரண்டு இளைஞர்கள் போன் வெளிச்சத்தோடு போட்டோ எடுக்கக் கிட்டே போனார்கள். வாட்ச்மேன் அண்ணன் சத்தம் போட்டு உள்ளே அனுப்பினார். மரியாதை இல்லாமல் பேசினார் என்று அவர்கள் புகார் சொன்னார்கள். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். சத்தமாகத்தான் பேசினார், கெட்ட வார்த்தை எதுவும் பேசவில்லை. அவர் அதட்டாவிட்டால் இன்றைய ரிப்போர்ட் வேறு மாதிரி இருந்திருக்கும். புகார் வந்தால் தயவுசெய்து அவரை விட்டுக்கொடுக்காதீர்கள். மாடுகள் 3 மணிக்குப் போய்விட்டன, வண்டிகளுக்குச் சேதம் இல்லை. சமையல்கட்டுக் குப்பைத் தொட்டி மூடாமல் இருந்தது, அதற்குத்தான் வந்திருக்கின்றன.

வர வேண்டிய பணம்

301: பாக்கி 3,760. இரண்டு இரவு வாடகை 4,200 வீதம், 5 சதவீத ஜிஎஸ்டியோடு 8,820. சாப்பாடு 1,940. மொத்தம் 10,760. அட்வான்ஸ் 4,000, கிளம்பும்போது ரொக்கம் 3,000. ஸ்வைப் மெஷினுக்குச் சிக்னல் இல்லை, அவர் போனில் ஜிபேயும் சுற்றிக்கொண்டே இருந்தது. பில்லில் பாக்கித் தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். மதுரை போனதும் அனுப்புவதாகச் சொன்னார். அவர் வண்டியில் இருப்பார், 11 மணிக்கு முன் போன் செய்ய வேண்டாம். வராவிட்டால் அப்புறம் ஒரு மெசேஜ் போதும். நம்பர் பில்லில் இருக்கிறது.

காட்டேஜ் 2: மூன்று இரவு 8,200 வீதம் 24,600. வாடகை 7,500ஐத் தாண்டுவதால் ஜிஎஸ்டி 18 சதவீதம், 4,428. சாப்பாடு 5,372. கேம்ப் ஃபயர் இரண்டு நாள் 3,000. மொத்தம் 37,400, அட்வான்ஸ் 10,000 போக 27,400. வெள்ளிக்கிழமை மழையில் கேம்ப் ஃபயர் போடவே இல்லை என்கிறார்கள். வவுச்சரை எடுத்துப் பார்த்தேன். வியாழன் வவுச்சரில் விருந்தினர் கையெழுத்து இருக்கிறது, வெள்ளி வவுச்சரில் இல்லை. தோட்டக்காரரும் விறகு எடுக்கவில்லை என்கிறார். ஆக அவர்கள் சொல்வதே உண்மை. 1,500 நீக்கினால் வாங்க வேண்டியது 25,900. அவர்கள் கவுன்ட்டருக்கு வரும் முன்பே திருத்திய பில்லை எடுத்து வைத்துவிட்டால் பேச்சுக்கே இடமிருக்காது. இரண்டு வவுச்சரும் பில்லோடு பின் செய்திருக்கின்றன.

112: நேற்று இரவுச் சாப்பாடு 2,310. அவர் கணக்கில் பணம் கழிந்துவிட்டது, போனில் காட்டினார். நம் கணக்குக்கு 5.50 வரை வரவில்லை. பரிவர்த்தனை எண்ணை பில் பின்புறம் எழுதியிருக்கிறேன். கடைக்கு வந்து சேராத யுபிஐ பணம் 5 நாளுக்குள் தானாகக் கொடுத்தவருக்கே திரும்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அவர் நாளை திங்கள் காலை கிளம்புகிறார். அதனால் இன்று அவரிடம் இரண்டாம் முறை கேட்க வேண்டாம். மாலை வங்கிக் கணக்கைப் பார்த்துவிட்டு, அதன் பிறகு பேசிக்கொள்ளலாம்.

303: வரவில்லை, ஆனால் நோ ஷோ போடவில்லை. மழைக்கும் பனிமூட்டத்துக்கும் பயந்து வத்தலகுண்டிலேயே தங்கிவிட்டதாக 10.20க்குப் போன் செய்தார்கள். இன்று வருகிறார்கள். அட்வான்ஸ் 2,000 அப்படியே இருக்கிறது. ஒரு இரவு வாடகை பிடிப்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. ரூமை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை.

பாக்கி வேலைகள்

106இல் வெளிநாட்டுத் தம்பதி, நேற்று இரவு 9.40க்கு வந்தார்கள். சி ஃபார்ம் இன்னும் ஏற்றவில்லை. நெட் 5.45க்குத்தான் வந்தது, அப்புறம் பார்த்தால் ஒருவருடைய விசா நகலில் எண் மங்கலாக இருக்கிறது. எழுந்ததும் அசலை வாங்கி மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டும். 24 மணி நேரக் கெடு இன்று இரவு 9.40க்கு முடிகிறது. ஆனால் அவர்கள் 10 மணிக்கு பூம்பாறை கிளம்புகிறார்கள், அதற்கு முன் வாங்கினால்தான் உண்டு.

205, 207, 304 மூவரும் ரோட்டைக் காரணம் சொல்லி 2 மணி வரை ரூம் கேட்கிறார்கள். பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். இன்று வருகிறவர்கள் 9 ரூம், அவர்களும் அதே ரோட்டில்தான் வர வேண்டும், 2 மணிக்கு முன் யாரும் வரப்போவதில்லை. மூவருக்கும் கட்டணம் இல்லாமல் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். 9 மணிக்குள் பதில் சொல்லிவிட்டால் அவர்கள் பெட்டி கட்டாமல் நிம்மதியாக இருப்பார்கள்.

110இல் கீசர் சூடாகவில்லை. 6 மணிக்கு இரண்டு வாளி வெந்நீர் கொடுத்தோம். எலக்ட்ரீஷியன் வந்ததும் முதல் வேலையாக அனுப்புங்கள். கைக்குழந்தை இருக்கும் ரூம்.

202, 204 ஜெயின் குடும்பம், ஆறு பேர். 8 மணிக்கு வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு இல்லாமல் டிபன். மாஸ்டரிடம் 5 மணிக்கே சொல்லிவிட்டேன், சாம்பாரைத் தனிப் பாத்திரத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

இன்று பெங்களூரிலிருந்து வரும் குடும்பம் இ-பாஸ் பற்றிக் கேட்டது. epass.tnega.org முகவரியை அனுப்பினேன், எடுத்துவிட்டதாகப் பதில் வந்தது. வேலை முடிந்தது.

கணக்கு

40 ரூமில் 36 நிறைந்தன. 115 ஒழுகுவதால் மூடியிருக்கிறது. டே குளோஸ் 4.20க்கு முடிந்தது, சிஸ்டம் தேதி 16க்கு மாறிவிட்டது. 301 கொடுத்த 3,000 இன்றைய கணக்கில் வரும், அதைத் தனிக் கவரில் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை ரொக்கம் 18,650, கேஷியரோடு எண்ணி லாக்கரில் போட்டாயிற்று. சில்லறை 5,000 டிராயரில். ஸ்வைப் மெஷின் செட்டில்மெண்ட் நெட் வந்த பிறகு 5.50க்கு எடுத்தேன், ரிப்போர்ட்டோடு ஒத்துப்போகிறது.

கரண்ட் 3.25க்கு வந்தது. ஜெனரேட்டர் ஆபரேட்டர் 8 மணி வரை இருப்பார், ஆட்டோ சுவிட்சில் என்ன கோளாறு என்று எலக்ட்ரீஷியனிடம் அவரே சொன்னால் வேலை சீக்கிரம் முடியும். நான் 7.30 வரை கவுன்ட்டரில் இருப்பேன். 208 ரூம் விஷயமாக ஏதாவது கேட்க வேண்டுமென்றால் அதற்குப் பிறகும் போன் செய்யலாம் மேடம், சைலன்ட்டில் போடமாட்டேன்.

நைட் ஆடிட்டர்