நீங்கள் அனுப்பியதை வாசிக்க முடியவில்லை

வணக்கம், பரந்தன் சந்திக் கடையிலிருந்து. உங்கள் மெசேஜ் வந்தது, ஆனால் எழுத்து எழுத்தாக இல்லை, அதனால் நீங்கள் கேட்ட சாமான் எதையும் இன்னும் எடுத்து வைக்கவில்லை. இது தானாகப் போகிற பதில், குறை நினைக்காதீர்கள்.

கம்ப்யூட்டரில் பாமினி எழுத்தில் அடித்ததை அப்படியே ஒட்டி அனுப்பினால், நீங்கள் எழுதிய ‘வணக்கம்’ எங்கள் போனில் `tzf;fk;` என்றுதான் தெரியும். அப்படியென்றால் போனிலுள்ள தமிழ் கீபோர்டிலேயே திரும்ப அடித்து அனுப்புங்கள். கட்டம் கட்டமாக வந்திருந்தாலும் அதுதான் வழி. துண்டில் எழுதிப் படமெடுத்தீர்கள் என்றால் வெளிச்சத்தில் வைத்து, கை ஆடாமல் இன்னொரு முறை எடுங்கள்.

எழுதப் பஞ்சியா? சரி, வொயிஸ் போடுங்கள், அதுவும் எங்களுக்கு வசதிதான். பைப், பெண்ட் என்றால் முக்கால் இஞ்சியா ஒரு இஞ்சியா, எத்தனை வேண்டும் என்று சொல்லுங்கள், பம்ப் சாமான் என்றால் பழையதைப் படமெடுத்து அனுப்பினால் போதும், பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

காலை 8 மணியிலிருந்து இரவு 7 மணி வரை கடையில் ஆள் இருக்கும். வயலில் பம்ப் நின்றுபோன அவசரம் என்றால் எழுதிக்கொண்டிருக்காமல் இதே நம்பருக்கு எடுங்கள்.