மூன்று கம்பிகளில் தொங்கும் தண்டு: எந்தக் கம்பி எவ்வளவு தாங்கும்?

கணக்கு இது. வளையாத ஒரு தண்டு, 1.5 மீ. நீளம், மூன்று செங்குத்துக் கம்பிகளில் கிடைமட்டமாகத் தொங்குகிறது. இடது முனை A-யில் எஃகுக் கம்பி: நீளம் 2.0 மீ., குறுக்குப் பரப்பு 20 ச.மி.மீ. A-யிலிருந்து 450 மி.மீ. தள்ளி B-யில் பித்தளைக் கம்பி: நீளம் 1.5 மீ., பரப்பு 15 ச.மி.மீ. வலது முனை C-யில் அலுமினியக் கலவைக் கம்பி: நீளம் 1.4 மீ., பரப்பு 30 ச.மி.மீ. மேலே கூரை ஒரே மட்டத்தில் இல்லை, அதனால்தான் நீளங்கள் வேறு வேறு. சுமை ஏற்றுவதற்கு முன் மூன்றும் தொய்வில்லாமல், ஆனால் இழுவிசையும் இல்லாமல் நிற்கின்றன. தண்டின் எடையை விட்டுவிடலாம். இப்போது தண்டின் நடுவில், அதாவது A-யிலிருந்து 750 மி.மீ. தொலைவில், 9000 நியூட்டன் சுமையைத் தொங்கவிடுகிறோம். ஒவ்வொரு கம்பியிலும் எவ்வளவு விசை? யங் குணகம் எஃகுக்கு 200, பித்தளைக்கு 100, அலுமினியத்துக்கு 70 கிகாபாஸ்கல்.

முதலில் சமநிலைச் சமன்பாடுகளை எழுதுவோம். செங்குத்து விசைகளின் கூட்டல் ஒன்று, A-யைச் சுற்றிய திருப்புத்திறன் ஒன்று:

```
T1 + T2 + T3 = 9000
0.45 T2 + 1.5 T3 = 9000 × 0.75 = 6750
```

தெரியாதவை மூன்று, சமன்பாடுகள் இரண்டு. வேறு எந்தப் புள்ளியைச் சுற்றித் திருப்புத்திறன் எடுத்தாலும் புதிதாக எதுவும் கிடைக்காது, இந்த இரண்டுமே வேறு உருவில் திரும்பி வரும். மாணவர்கள் பலர் இங்கேதான் நின்றுபோகிறார்கள். சிலர் 9000-ஐ மூன்றால் வகுத்து ஆளுக்கு 3000 என்று எழுதிவிடுகிறார்கள். அந்த எண்களை இரண்டாவது சமன்பாட்டில் போட்டால் 1350 + 4500 = 5850 வருகிறது. வேண்டியது 6750. ஆக, சமமாகப் பிரிப்பது சமநிலைக்கே ஒத்துவராது.

மூன்றாவது சமன்பாடு விசைகளிலிருந்து வராது, வடிவத்திலிருந்துதான் வரும். தண்டு வளையாது என்று கணக்கே சொல்லியிருக்கிறது. சுமை ஏறியதும் தண்டு இறங்கும், சாயும், ஆனால் நேர்க்கோடாகவே இருக்கும். அப்படியானால் A, B, C மூன்றும் இறங்கும் தூரங்கள் ஒரே கோட்டில் விழ வேண்டும். அந்தத் தூரங்கள்தான் கம்பிகளின் நீட்சிகள். நீட்சியை விசையோடு இணைக்க ஹூக் 1678-இல் வெளியிட்ட விதி இருக்கிறது. சமநிலையோடு உருமாற்றத்தையும் சேர்த்து இப்படிப்பட்ட கணக்குகளைத் தீர்க்கும் வழியை 1826-இல் அச்சான தன் விரிவுரைகளில் பிரெஞ்சுப் பொறியாளர் நவியே முறையாக அமைத்துக் கொடுத்தார். நாம் செய்யப்போவதும் அதேதான்.

நீளம், பொருள், பரப்பு மூன்றையும் தனித்தனியாகத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். ஒரு கம்பி ஒரு மி.மீ. நீள எவ்வளவு விசை வேண்டும் என்ற ஒரே எண்ணில் எல்லாம் அடங்கிவிடும். அதுதான் கம்பியின் விறைப்பு:

```
k = E A / L
k1 = 200000 × 20 / 2000 = 2000 N/mm
k2 = 100000 × 15 / 1500 = 1000 N/mm
k3 =  70000 × 30 / 1400 = 1500 N/mm
```

E-யை N/mm² அலகில் எடுத்திருக்கிறேன், ஒரு கிகாபாஸ்கல் என்பது 1000 N/mm². அலகுகளை இந்த இடத்திலேயே சரிசெய்துவிட்டால் பின்னால் தொல்லை இல்லை.

சரி, தண்டின் மேல் A-யிலிருந்து x மீட்டர் தொலைவில் உள்ள புள்ளி இறங்கும் தூரத்தை y = a + b x என்று எழுதுவோம். a என்பது A இறங்கும் தூரம், மி.மீ.-இல். b என்பது சாய்வு, மீட்டருக்கு இத்தனை மி.மீ. என்ற கணக்கில். தெரியாதவை மூன்று விசைகளாக இருந்தது போய், a, b என்ற இரண்டாகக் குறைந்துவிட்டது. எனக்குப் பிடித்த வழி இது. ஒத்த முக்கோணங்களை வரைந்து மூன்று நீட்சிகளுக்கும் தொடர்பு எழுதினாலும் இதே விடைதான், ஆனால் அங்கே குறி தவற வாய்ப்பு அதிகம்.

```
T1 = 2000 a
T2 = 1000 (a + 0.45 b)
T3 = 1500 (a + 1.5 b)
```

இவற்றைச் சமநிலைச் சமன்பாடுகளில் போட:

```
4500 a + 2700 b   = 9000
2700 a + 3577.5 b = 6750
```

முதல் வரியிலிருந்து a = 2 − 0.6 b. இதை இரண்டாவதில் போட்டால் 1957.5 b = 1350. எனவே b = 0.6897, a = 1.5862.

```
A: y = 1.586 mm   T1 = 3172 N
B: y = 1.897 mm   T2 = 1897 N
C: y = 2.621 mm   T3 = 3931 N
```

சரிபார்ப்போம். மூன்றையும் கூட்டினால் 9000. திருப்புத்திறன் 0.45 × 1897 + 1.5 × 3931 = 6750. இரண்டும் பொருந்துகின்றன. தகைவுகள்: எஃகில் 158.6, பித்தளையில் 126.4, அலுமினியத்தில் 131.0 மெகாபாஸ்கல். தண்டு சாய்ந்த அளவு 1.5 மீட்டருக்கு ஒரு மி.மீ. சொச்சம், பாகையில் சுமார் 0.04. அதனால் கம்பிகள் செங்குத்தாகவே இருக்கின்றன என்று எடுத்துக்கொண்டதில் தவறில்லை.

இந்த விடையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்க்க வேண்டும். மூன்றில் விறைப்பு அதிகமான கம்பி எஃகு. ஆனால் அதிகச் சுமை தாங்குவது அலுமினியம். விறைப்பு மட்டும் பங்கைத் தீர்மானிப்பதில்லை, சுமை எங்கே தொங்குகிறது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. மேலே a = 2 − 0.6 b என்று வந்ததே, அந்த 0.6 ஒரு முக்கியமான இடம். A-யிலிருந்து 0.6 மீட்டரில் சுமையைத் தொங்கவிட்டால் b = 0, தண்டு சாயாமல் 2 மி.மீ. நேராக இறங்கும். அப்போது மட்டும் கம்பிகள் விறைப்பின் விகிதத்தில், 4000, 2000, 3000 நியூட்டன் என்று பிரித்துக்கொள்ளும். அந்த இடத்தை விறைப்பு மையம் என்று சொல்லலாம். நம் சுமை அதற்கு 150 மி.மீ. வலப்பக்கம் இருக்கிறது. அதனால் வலது முனை கூடுதலாக இறங்குகிறது, அலுமினியத்தின் பங்கும் ஏறுகிறது.

அடுத்து, வேலைத்தளத்தில் உண்மையில் நடக்கும் ஒரு விஷயம். பித்தளைக் கம்பியை வெட்டும்போது 1 மி.மீ. நீளமாக வெட்டிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். தண்டு B-யில் 1 மி.மீ. இறங்கிய பிறகுதான் அது இழுக்கத் தொடங்கும். மாற வேண்டியது ஒரே வரி:

```
T2 = 1000 (a + 0.45 b − 1)
```

மறுபடி தீர்த்தால் T1 = 3709, T2 = 1130, T3 = 4161 நியூட்டன். எஃகின் தகைவு 158.6-லிருந்து 185.4-ஆக ஏறிவிட்டது. ஒரே ஒரு மி.மீ. பிழைக்கு 17 சதவீத ஏற்றம்! இரண்டு கம்பிகளில் தொங்கும் தண்டில் இப்படி நடக்காது. அங்கே நீளம் சற்று மாறினால் தண்டு சாயும், விசைகள் மாறா. மூன்றாவது கம்பியைச் சேர்த்த கணத்திலிருந்து நீளத்தின் துல்லியமும் வலிமைக் கணக்கின் பகுதியாகிவிடுகிறது.

தளர்வு 1 மி.மீ. கூடும்போது பித்தளை 766 நியூட்டனை இழக்கிறது. அப்படியானால் 1897 முழுவதும் போக 2.475 மி.மீ. தளர்வு போதும். இதை வேறு வழியிலும் பார்க்கலாம்: பித்தளையே இல்லாவிட்டால் சுமை நடுவில் இருப்பதால் இரு முனைகளும் 4500 வீதம் தாங்கும். A 2.25, C 3.0 மி.மீ. இறங்கும். B இறங்குவது 2.25 + 0.3 × 0.75 = 2.475. இரண்டு வழிகளும் ஒரே எண்ணில் சந்திக்கின்றன.

வெப்பநிலைக்கும் இதே வழிதான். 30 பாகை செல்சியஸ் ஏறினால், விரிவுக் கெழுக்கள் எஃகுக்கு 12, பித்தளைக்கு 19, அலுமினியத்துக்கு 23 (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவில்) என்று எடுத்தால், கம்பிகள் தாமாக நீள்வது 0.720, 0.855, 0.966 மி.மீ. இவ்வளவு நீளும்போது விசைகள் பெரிதாக மாறும் என்றுதான் தோன்றும். ஆனால் A-யின் 0.720-யும் C-யின் 0.966-யும் இணைக்கும் கோட்டில் B-க்கு உரியது 0.794. பித்தளை அதைவிட நீண்டது 0.061 மி.மீ. மட்டுமே. கோட்டோடு ஒத்துப்போகும் நீட்சிக்குத் தண்டு இறங்கியோ சாய்ந்தோ இடம் கொடுத்துவிடும். கோட்டிலிருந்து விலகும் பகுதி மட்டுமே விசையாக மாறும். ஆகப் பித்தளையில் குறைவது சுமார் 47 நியூட்டன், எஃகில் கூடுவது 33, அலுமினியத்தில் 14.

கடைசியாக, விடையில் குறை எண் வந்தால் என்ன செய்வது? சுமையை A-யிலிருந்து 50 மி.மீ.-க்கு நகர்த்திப் பாருங்கள். சமன்பாடுகள் T3 = −414 என்று தரும். கம்பி தள்ளாது, இழுக்க மட்டுமே செய்யும், எனவே இந்த விடை செல்லாது. அந்தக் கம்பியை மட்டும் சுழியாக்கிவிட்டு மற்ற இரண்டு விசைகளையும் அப்படியே வைத்துக்கொள்வது தவறு, சமநிலையே உடைந்துவிடும். அலுமினியக் கம்பியை நீக்கிவிட்டுக் கணக்கைப் புதிதாகத் தொடங்க வேண்டும். இரண்டே கம்பிகள் என்றால் சமநிலை மட்டும் போதும்:

```
T2 = 9000 × 50 / 450 = 1000 N
T1 = 9000 − 1000 = 8000 N
```

எஃகு 4 மி.மீ., பித்தளை 1 மி.மீ. நீள்கின்றன. அந்தக் கோட்டை வலப்பக்கம் நீட்டினால் C 6 மி.மீ. மேலே எழுகிறது. அலுமினியம் தொய்ந்துதான் இருக்கும் என்பது இதில் உறுதியாகிறது. எஃகில் தகைவு 400 மெகாபாஸ்கல். சாதாரண மென் எஃகின் நெகிழ்வு எல்லை 250-ஐ ஒட்டியது, அந்தக் கம்பியாக இருந்தால் இதற்குள் நிரந்தரமாக நீண்டிருக்கும், ஹூக் விதியும் பொருந்தாது.

மூன்று கம்பிகளும் இறுக்கமாக இருக்க வேண்டுமானால் சுமை A-யிலிருந்து 117 மி.மீ.-க்கும் 1325 மி.மீ.-க்கும் இடையில் தொங்க வேண்டும். இந்த எல்லைகள் y = 0 என்று A-க்கும் C-க்கும் போட்டாலே கிடைத்துவிடும். சுமையை நகர்த்தக்கூடிய கொக்கியில் தொங்கவிடுவதாக இருந்தால் தண்டின் மேல் இந்த இரண்டு இடங்களிலும் தடை வைத்துவிடுங்கள். தடைக்குள்ளேயும் இடது எல்லையில் எஃகின் விசை 6667 நியூட்டன், தகைவு 333 மெகாபாஸ்கல். மென் எஃகுக் கம்பி என்றால் அதுவும் தாங்காது, பரப்பைக் கூட்ட வேண்டும். பரப்பைக் கூட்டினால் k1 மாறும், விறைப்பு மையமும் இடப்பக்கம் நகரும், எல்லைகளை மறுபடி கணக்கிட வேண்டும்.