தர மேலாண்மை மாதாந்திர மீளாய்வுக் கூட்டம்: நடவடிக்கைக் குறிப்பு, ஜூன் 2025

நாள்: 12 ஜூன் 2025, வியாழன், காலை 9.30 முதல் 12.10 வரை
இடம்: பருப்பு சுத்திகரிப்பு ஆலை, லைங் தாயா, யாங்கூன், மாடிக் கூட்ட அறை
வந்தவர்கள்: நிர்வாக இயக்குநர் (தலைமை), தர மேலாளர், உற்பத்தி மேலாளர், குடோன் பொறுப்பாளர், ஏற்றுமதிப் பிரிவுத் தலைவர், கொள்முதல் அலுவலர், ஆய்வகத் தொழில்நுட்பர், பராமரிப்பு மேற்பார்வையாளர்
வராதவர்: கணக்கு மேலாளர் (முன் அனுமதியுடன்)
குறிப்பெடுத்தவர்: ஆவணப் பிரிவு எழுத்தர்

1. சென்ற மாத முடிவுகள்

ஒன்பது முடிவுகளில் ஆறு நிறைவேறின. நிலுவையிலுள்ள மூன்றில் இரண்டுக்குக் காரணம் ஒன்றே. மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பிறகு மண்டலே பக்கத்துத் துவரை சப்ளையர்களிடம் நேரடித் தணிக்கைக்குப் போக முடியவில்லை. அதுவரை அங்கிருந்து வரும் ஒவ்வொரு லாரிக்கும் இரட்டை மாதிரி எடுப்பது தொடரும். மூன்றாவது, குடோனின் மேற்கு ஓர ஓட்டை அடைப்பது. மழை பிடித்துவிட்டது, இனித் தள்ள இடமில்லை என்று இயக்குநர் சொன்னார். பராமரிப்பு மேற்பார்வையாளர் ஜூன் 18-க்குள் முடித்துப் படத்துடன் அறிக்கை தருவார்.

2. உள் தணிக்கை (மே 14, 15)

பெரிய இணக்கமின்மை ஒன்று, சிறியவை நான்கு. பெரியது, பூச்சி கொல்லும் பாஸ்பீன் வாயுவின் அளவுப் பதிவேடு பற்றியது. அது முதல் புகாருடன் சேர்ந்தே இருப்பதால் 3-ஆம் பிரிவில் பேசப்பட்டது.

சிறியவற்றில் கூட்டம் அதிக நேரம் எடுத்துக்கொண்டது ஈரப்பதமானியைப் பற்றி. அளவுத்திருத்தக் கெடு மார்ச் மாதமே முடிந்துவிட்டது. ஒரே மாதிரிக்கு ஈரப்பதமானி 12.5 சதவீதம் காட்ட, அடுப்பில் உலர்த்திப் பார்த்ததில் 13.8 வந்ததாக ஆய்வகத் தொழில்நுட்பர் தாள்களைக் காட்டினார். ஒட்டுச்சீட்டு மாற்றினால் போதும் என்று குடோன் பக்கம் எழுந்த கருத்தைத் தர மேலாளர் மறுத்தார். கருவி தவறாகக் காட்டிய காலத்தில் அதை நம்பி ஏற்றுக்கொண்ட சரக்கையும் திரும்பப் பார்க்க வேண்டும் என்பதே ISO 9001:2015-இன் 7.1.5 பிரிவு கேட்பது. கையிருப்பில் உள்ள ஆறு லாட்டுகள் சோதிக்கப்பட்டதில், இரண்டு நமது 13.5 சதவீத வரம்பைத் தாண்டியிருந்தன. அவை தனியே அடுக்கப்பட்டு மஞ்சள் அட்டை கட்டப்பட்டுள்ளன. உற்பத்தி மேலாளர் ஜூன் 20-க்குள் மறு உலர்த்தல் செய்வார். மழைக்காலம் முடியும் வரை வாரம் ஒருமுறை அடுப்புச் சோதனையுடன் ஒப்பிடுவது ஆய்வகத்தின் பொறுப்பு.

மற்ற மூன்றும் (சுவரில் பழைய பதிப்பு செயல்முறைத் தாள், இருவரின் பயிற்சிப் பதிவு இல்லாதது, எடை மேடையின் கீழ் தூசி) அந்த வாரமே சரிசெய்யப்பட்டன.

ஏற்றுமதிப் பிரிவிலிருந்து ஒருவர் தம் பிரிவின் சரக்கேற்றப் பணியையே தணிக்கை செய்தது முறையல்ல என்று உற்பத்தி மேலாளர் ஆட்சேபித்தார். அது ஏற்கப்பட்டது. அந்தப் பகுதியை ஆய்வகத் தொழில்நுட்பர் ஜூன் இறுதிக்குள் மறுபடி தணிக்கை செய்வார். ஆகஸ்டில் சான்றிதழ் நிறுவனத்தார் கண்காணிப்புத் தணிக்கைக்கு வரும்போது முதலில் இதையே கேட்பார்கள் என்பது தர மேலாளரின் கணிப்பு.

3. வாடிக்கையாளர் புகார்கள்

மே மாதத்தில் மூன்று.

*முதல் புகார், உயிருள்ள வண்டு.* சென்னை வாங்குபவருக்குப் போன உளுந்துக் கண்டெய்னர் (24 டன், 50 கிலோ மூட்டைகள் 480). திறந்தபோது 37 மூட்டைகளில் வண்டு நடமாட்டம். அங்கேயே மறுபடி மருந்தடித்து, செலவை நம்மிடம் கேட்கிறார்கள்.

குடோன் பொறுப்பாளர் தந்த காரணம், ‘தொழிலாளர் கவனக்குறைவு, மீள்பயிற்சி அளிக்கப்பட்டது’. இயக்குநர் இதை ஏற்கவில்லை. இதே வாசகம் 2023-லும் 2024-லும் இதே வகைப் புகாருக்கு எழுதப்பட்டு ‘முடிந்தது’ என்று கையொப்பமாகியிருப்பதைக் கோப்பிலிருந்து படித்துக் காட்டினார். “மூன்று தடவை பயிற்சி கொடுத்தும் மறுபடி வருதுன்னா, குறை பயிற்சியில இல்லை” என்றார்.

தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்ததில் விஷயம் வெளிப்பட்டது. தார்ப்பாய் போட்டு பாஸ்பீன் மாத்திரை வைத்தது ஏப்ரல் 24. நம் செயல்முறைப்படி ஏழு நாள் மூடியிருக்க வேண்டும். திஞ்ஞான் விடுமுறைக்குப் பின் கப்பல் இடம் முன்கூட்டியே கிடைத்ததால், ஏப்ரல் 28 அன்றே தார்ப்பாய் பிரிக்கப்பட்டது. நாலு நாளில் வெளியே ஓடும் வண்டு செத்துவிடும், விதைக்குள் இருக்கும் முட்டையும் கூட்டுப்புழுவும் தாக்குப்பிடிக்கும் என்று ஆய்வகத் தொழில்நுட்பர் விளக்கினார். சரக்கு போர்ட் கிளாங்கில் கப்பல் மாறி, 19 நாள் கழித்துச் சென்னை சேர்ந்தது. பொரித்து வர அந்த அவகாசம் போதும். இடைநாட்களின் வாயு அளவு பதிவேட்டில் இல்லவே இல்லை.

தேதி முன்னே வந்ததைத் தரப் பிரிவுக்குச் சொல்லும் வழி எதுவும் இல்லை என்று ஏற்றுமதிப் பிரிவுத் தலைவர் சுட்டினார். அதுதான் மூலக்காரணம் என்று பதிவு செய்யப்பட்டது. குடோன் ஆட்கள் சொன்னதைத்தான் செய்திருக்கிறார்கள்.

முடிவுகள்: மூடிய தேதி, பிரித்த தேதி, வாயு அளவு மூன்றும் எழுதி, தர மேலாளர் கையொப்பம் இடாமல் ஏற்றுச்சீட்டு அச்சாகாது (ஏற்றுமதிப் பிரிவு, ஜூன் 16 முதல்). ஆங்கிலத்தில் மட்டுமுள்ள மருந்தடிப்புச் செயல்முறை, படங்களுடன் பர்மிய மொழியில் எழுதப்படும். தார்ப்பாய் போடுபவர்களில் பலர் நம்முடன் தமிழில் பேசினாலும் படிப்பது பர்மிய எழுத்துதான் (தர மேலாளர், ஜூன் 30). வாயு அளவு பாதுகாப்பான நிலைக்கு இறங்காமல் யாரும் அடுக்கருகே போகக் கூடாது என்பதும் அதில் முதல் பக்கத்திலேயே வரும். மறு மருந்தடிப்புச் செலவை ஏற்பதாக வாங்குபவருக்கு இந்த வாரம் கடிதம் போகும். அடுத்த ஐந்து கண்டெய்னர்கள் புகாரின்றிச் சேர்ந்த பிறகே இக்கோப்பு மூடப்படும்.

*இரண்டாம் புகார், கல்லும் நிறம் மாறிய மணியும்.* உள்ளூர், பேயின்னாங் சந்தை வியாபாரி. திருப்பி வந்த மூட்டைகள் எல்லாம் மின்தடை நேரத்தில் ஓடியவை. இது 4-இல்.

*மூன்றாம் புகார், எடைக் குறைவு.* நம் எடைச்சீட்டும் துறைமுகச் சீட்டும் ஒத்துப்போகின்றன. வாடிக்கையாளரும் ஒப்புக்கொண்டார். முடிந்தது.

4. மேம்பாட்டு நடவடிக்கைகள்

மின்சாரம் போய் ஜெனரேட்டருக்கு மாறும்போது கம்ப்ரசர் அழுத்தம் இறங்கிவிடுகிறது. கலர் சார்ட்டர் கெட்ட மணியைக் கண்டாலும் அதை ஊதித் தள்ளக் காற்று போதவில்லை. மணிகள் நல்லதோடு கலந்தே இறங்குகின்றன. இதைக் கண்டுபிடித்தது இரவு ஷிப்ட் இயந்திர ஆபரேட்டர் ஒருவர். மூன்று வாரம் அவர் தம் நோட்டில் குறித்துவைத்த நேரங்கள் திரும்பி வந்த மூட்டை எண்களோடு அப்படியே பொருந்தின. அவருக்குப் பாராட்டும் ஊக்கத்தொகையும் தர இயக்குநர் உத்தரவிட்டார்.

மாறிய பின் முதல் பத்து நிமிடச் சரக்கு மூட்டைக்குப் போகாமல் மேல் தொட்டிக்கே திரும்பும். இது இன்றிரவு முதல் நடைமுறை. அழுத்தம் குறைந்தால் ஊட்டு வாயில் தானே மூடும் சுவிட்ச் ஒன்றை ஜூலை 5-க்குள் பராமரிப்புப் பிரிவு பொருத்தும். புதிய சார்ட்டர் வாங்கலாம் என்ற உற்பத்தி மேலாளரின் யோசனை இப்போதைக்கு ஒத்திவைக்கப்பட்டது. டாலர் நிலைமை ஒரு பக்கம், சுவிட்ச் எவ்வளவு பலன் தருகிறது என்று பார்க்காமல் செலவு செய்வது சரியல்ல என்பது மறுபக்கம்.

5. அடுத்த கூட்டம்

வழக்கமான இரண்டாம் வியாழன், ஜூலை 10-க்கு முந்தைய நாள் வாசோ பௌர்ணமி விடுமுறை. எனவே ஜூலை 11, வெள்ளி, காலை 9.30. திருத்தங்கள் இருந்தால் ஜூன் 17-க்குள் ஆவணப் பிரிவுக்கு எழுத்தில் தரவும்.