வரலாறு: சான்று அடிப்படையிலான வினாவும் விடையும்

(சான்றுகள் தேர்வுக்காக எழுதப்பட்டவை.)

சான்று அ: உயர் நீதிமன்ற மதிலில் உள்ள நினைவுக் கல் பற்றிய குறிப்பு: "1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியக் கப்பல் எம்டன் நடத்திய தாக்குதலை நினைவுகூர்வது."

சான்று ஆ: அரசு அறிவிப்பு, தாக்குதலுக்கு 2 நாள் கழித்து: "சேதம் அற்பம். ஊரை விட்டுப் போகவேண்டிய அவசியம் இல்லை. வதந்தி பரப்புவோர் தண்டிக்கப்படுவர்."

சான்று இ: ஜார்ஜ் டவுன் கணக்குப்பிள்ளை ஒருவர் கும்பகோணத்திலுள்ள மகனுக்கு எழுதிய கடிதம்: "எண்ணெய் எரிந்த வெளிச்சத்தில் திண்ணையில் பஞ்சாங்கம் படிக்கலாம். ஆயிரம் குண்டாவது போட்டிருப்பான். அம்மாவை ரயிலேற்றப் போனால் எழும்பூரில் கால் வைக்க இடமில்லை."

வினா: எம்டன் தாக்குதல் சென்னை மக்களை எப்படிப் பாதித்தது என்று அறிய இச்சான்றுகள் எவ்வளவு பயன்படும்? (8 மதிப்பெண்)

விடை:

சான்று அ நாளையும் கப்பலையும் சரியாகச் சொல்கிறது. பாரிமுனையில் பஸ்ஸை விட்டிறங்கி நடக்கையில் அந்தக் கல்லைப் பார்த்திருக்கிறேன். அதில் மக்களைப் பற்றி ஒன்றும் இல்லை. இந்த வினாவுக்கு அதன் பயன் குறைவு.

சான்று இ அன்றிரவு கண்ணால் கண்டவர் எழுதியது. பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகள் தீப்பற்றியது நாம் படித்ததுதான். அந்தத் தீயின் வெளிச்சம் வீட்டுத் திண்ணை வரை வந்ததை இந்தக் கடிதம்தான் சொல்கிறது. "ஆயிரம் குண்டு" என்பது தவறு. எம்டன் சுட்டது ஏறத்தாழ 130 குண்டுகள். ஆனால் அதற்காகக் கடிதத்தைத் தள்ளிவிடக் கூடாது. குண்டுகளின் எண்ணிக்கைக்கு அது உதவாது, பயத்தின் அளவுக்கு உதவும். மகனுக்கு எழுதுகிற தகப்பன் வேண்டுமென்றே பொய் சொல்லக் காரணம் இல்லை; பதற்றத்தில் கூட்டிச் சொல்லியிருக்கலாம்.

மூன்றில் சான்று ஆ-வையே மிகவும் பயனுள்ளதாகக் கருதுகிறேன். போர்க்காலத்தில் மக்களை அமைதிப்படுத்த அரசு வெளியிட்டது என்பதால் "சேதம் அற்பம்" என்பதை அப்படியே ஏற்க முடியாது. எண்ணெய்த் தொட்டிகள் எரிந்திருக்கின்றன, உயிர்களும் போயிருக்கின்றன. ஆனால் யாரும் ஊரை விட்டுப் போகாவிட்டால், போகாதீர்கள் என்று அரசு ஏன் சொல்ல வேண்டும்? வதந்தி இல்லாவிட்டால் தண்டனை எதற்கு? அரசு மறைக்க நினைத்ததை அதன் வாசகமே காட்டிக்கொடுக்கிறது. இங்கே அது சான்று இ-யில் வரும் எழும்பூர் நெரிசலோடு ஒத்துப்போகிறது. ஒருவரையொருவர் அறியாத, நோக்கமும் வேறான இருவர் ஒரே செய்தியைச் சொல்வதால் மக்கள் ஊரை விட்டு வெளியேறினார்கள் என்று உறுதியாக எழுதலாம்.

எத்தனை பேர் போனார்கள் என்று இரண்டும் சொல்லவில்லை. கணக்குப்பிள்ளைக்கு டிக்கெட் எடுக்கப் பணமும், போய்த் தங்கச் சொந்த ஊரில் வீடும் இருந்தன. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள் மறுநாள் காலை வேலைக்கு வந்தார்களா என்பதற்கு மூன்றிலும் ஒரு வரிகூட இல்லை. அதற்குத் துறைமுகத்தின் கூலிப் பதிவேட்டைத்தான் பார்க்க வேண்டும்.