இணைப்புக் கோரிக்கை 214: சம்பளப் பட்டியலுக்கு xlsx லைப்ரரி சேர்ப்பது பற்றிய மறுஆய்வு

வணக்கம் தம்பி. உங்கள் மாற்றங்களை முழுவதும் படித்து, என் கணினியிலும் ஓட்டிப் பார்த்தேன். மாற்றம் வேண்டும் என்று திருப்பி அனுப்புகிறேன். லைப்ரரியே வேண்டாம் என்பது என் கருத்தன்று; இந்தப் பதிப்பும் அது உட்கார்ந்திருக்கும் இடமும்தான் சரியில்லை.

சம்பளப் பட்டியலை எக்செல் கோப்பாகத் தரும் ஒரு பொத்தானுக்காக இவ்வளவு பெரிய லைப்ரரியா, CSV போதாதா என்பதே எனக்கு முதலில் எழுந்த கேள்வி. தமிழ்ப் பெயர்கள் சிதைவதை, கோப்பின் தொடக்கத்தில் `\uFEFF` இட்டுச் சரிசெய்துவிடலாம். ஆனால் தோட்ட அலுவலகத்தில் கிராணி அந்தக் கோப்பை எக்செல்லில் இருமுறை சொடுக்கித் திறந்தால், இடைக்கோடு இல்லாமல் நாம் சேமித்து வைத்திருக்கும் 12 இலக்க அடையாள அட்டை எண் 8.80512E+11 என்று மாறி நிற்கும். 2000 முதல் 2009 வரை பிறந்த இளைய தொழிலாளர்களின் எண்ணில் முன்னால் இருக்கும் பூஜ்ஜியங்கள் காணாமல் போகும். அப்படியே சேமித்து வங்கிக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எனவே உண்மையான எக்செல் கோப்புதான் வேண்டும் என்ற உங்கள் முடிவை ஏற்கிறேன். ஆனால் `export.js` 37ஆம் வரியில் `Number(row.icNo)` என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தக் காரணத்துக்காக இந்த லைப்ரரியைக் கொண்டுவந்தீர்களோ அந்தக் காரணமே அந்த வரியில் அடிபட்டுப் போகிறது. அடையாள அட்டை எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் சரமாகவே செல்ல வேண்டும்.

உரிமத்தில் சிக்கல் இல்லை. இது அப்பாச்சி 2.0, நம் மூல நிரலை வெளியிடாமலே கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொடுக்கலாம். உரிம வாசகத்தைக் கூடவே தர வேண்டும் என்பதுதான் நிபந்தனை. நம் பில்டு குறிப்புரைகளை எல்லாம் நீக்கிவிடுவதால், அதைத் தனிக் கோப்பாகச் சேர்த்துவிடுங்கள்.

பராமரிப்பைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் npm பதிவகத்திலிருந்து எடுத்திருப்பது 0.18.5. அங்கே அந்த லைப்ரரி அதே இடத்தில் நின்றுவிட்டது. ஆசிரியர்கள் புதிய பதிப்புகளைத் தங்கள் சொந்தத் தளத்தில் மட்டுமே வெளியிடுகிறார்கள். CVE-2023-30533 என்ற குறைபாடு 0.19.3இலும், CVE-2024-22363 என்பது 0.20.2இலும் சரிசெய்யப்பட்டன. ஆகையால் `npm audit` எச்சரிக்கை தரும், ஆனால் பதிவகத்தில் அதற்குத் தீர்வு கிடைக்காது. முதல் குறைபாடு தீய நோக்கத்தோடு செய்த கோப்பைப் படிக்கும்போதுதான் வெளிப்படும், நாமோ எழுத மட்டுமே செய்கிறோம் என்று நீங்கள் வாதிடலாம். இன்றைக்கு அது சரி. ஆனால் மண்டோர்கள் செம்பனைக் குலைக் கணக்கை எக்செல் கோப்பாக நம் செயலியில் ஏற்றும் வசதி அடுத்த வேலைப் பட்டியலில் இருக்கிறது. அன்றைக்கு இதே லைப்ரரியைத்தான் எல்லாரும் கையில் எடுப்போம், இந்தப் பேச்சு யாருக்கும் நினைவிருக்காது. ஆகவே 0.20.3 பதிப்பின் கோப்பை ஆசிரியர்களின் தளத்திலிருந்து இறக்கி, நம் களஞ்சியத்தின் `vendor` அடைவில் வைத்து, இப்படி நிறுவுங்கள்:

```
npm install --save file:vendor/xlsx-0.20.3.tgz
```

தளத்தின் முகவரியை நேரடியாகக் கொடுத்தாலும் வேலை நடக்கும்தான். ஆனால் சுங்கை சிப்புட் அலுவலகத்தில் மழை பிடித்தால் இணையம் எப்படி இருக்கும் என்பது உங்களுக்கும் தெரியும். ஒவ்வொரு பில்டும் வெளியார் தளம் ஒன்றை நம்பி நிற்பதை நான் விரும்பவில்லை. ஆனால் `vendor` அடைவில் வைத்தால் புதிய பதிப்பு வந்ததை `npm outdated` நமக்குச் சொல்லாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தளத்தைப் பார்க்கும் பொறுப்பை என் பெயரில் எழுதிக்கொள்கிறேன்.

அளவைப் பொறுத்தவரை, சுருக்கிய நிலையில் நம் முதன்மைப் பண்டில் 118 கேபியிலிருந்து 257 கேபிக்கு ஏறியிருக்கிறது. வருகை பதியும் மண்டோரின் பழைய கைப்பேசி, அவர் ஒருநாளும் தொடாத ஒரு பொத்தானுக்காக இந்தச் சுமையை ஏன் பதிவிறக்க வேண்டும்? மேலே உள்ள `import` வரியை நீக்கிவிட்டு, பொத்தானை அழுத்தும்போது ஓடும் `async` செயற்கூறுக்குள் இதை வையுங்கள்:

```
const XLSX = await import("xlsx");
```

இதனால் கிராணிக்கு முதல்முறை ஓரிரு நொடி தாமதமாகும்; அதற்கு ஒரு காத்திருப்புக் குறி காட்டினால் போதும்.

சோதனையில் பூஜ்ஜியத்தில் தொடங்கும் அடையாள அட்டை எண் ஒன்றையும், தமிழ்ப் பெயர் ஒன்றையும் கட்டாயம் சேருங்கள். மாதம் முடிந்து 7 நாள்களுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும் என்பதால், 25ஆம் தேதிக்குள் திருத்தி அனுப்பினால் அன்றே பார்த்து ஒப்புதல் தருகிறேன். அதற்குள் முடியாவிட்டால், இந்த மாதப் பட்டியல் பழைய முறையிலேயே போகட்டும்.